டிராஜன் தூணில் போர் குறைவு, வேலைதான் அதிகம்

கேள்வி: ரோமில் வெற்றி வளைவுகளையும் வெற்றித் தூண்களையும் எதற்குக் கட்டினார்கள்? அவற்றில் செதுக்கியிருப்பதெல்லாம் உண்மையில் நடந்ததா?

எதற்குக் கட்டினார்கள் என்பதற்கு ரோமானியர் ஒருவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் மூத்த பிளினி சொன்னது: தூணின் நோக்கம் ஒரு மனிதனை மற்ற மனிதர்களுக்கு மேலே தூக்கி நிறுத்துவது, வளைவும் அதற்காகவே வந்த புதுக் கண்டுபிடிப்பு. அதாவது இரண்டுமே சிலைக்கான பீடங்கள். உச்சியில் நின்ற வெண்கலச் சிலைகளையும் குதிரைத் தேர்களையும் பிற்காலத்தில் உருக்கிவிட்டார்கள். மிஞ்சிய கல்லையும் அதிலுள்ள புடைப்புச் சிற்பத்தையும் பார்த்துவிட்டு, அதற்காகத்தான் எல்லாமே கட்டப்பட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பெயர் தெரிந்த முதல் வளைவுகளைக் கட்டியவர் லூசியஸ் ஸ்டெர்டினியஸ். கி.மு. 196-ல் ஸ்பெயினிலிருந்து திரும்பியவர், செனட்டிடம் வெற்றி ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. போரில் கிடைத்த பணத்தைக் கொண்டு மாட்டுச் சந்தையில் இரண்டும் குதிரைப் பந்தயத் திடலில் ஒன்றுமாக வளைவுகள் கட்டி, மேலே பொன் பூசிய சிலைகளை வைத்தார். ஊர்வலம் ஒரே நாளில் முடிந்துவிடும், கல் அப்படியே நிற்கும். ‘வெற்றி ஊர்வலம் போவதற்கான வாசல்’ என்று எல்லா வளைவுகளையும் சொல்லிவிடுகிறவர்கள் இந்த ஆளை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு தூணை எடுத்துக்கொள்கிறேன். ரோமில் இன்றும் நிற்கும் டிராஜன் தூண், கி.பி. 113-ல் திறக்கப்பட்டது. இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதியான டேசியாவைப் பேரரசர் டிராஜன் இரண்டு போர்களில் (101–102, 105–106) பிடித்தார். தூண் நிற்கும் சதுக்கமே அந்தப் போரில் வந்த பணத்தில் கட்டியது; கட்டடத்தின் மேலேயே அப்படி எழுதி வைத்திருந்தார்கள். பீடமும் தூணும் சேர்த்து சுமார் 35 மீட்டர். உள்ளே சுழல் படிக்கட்டு உண்டு, 185 படிகள். வெளியே சுமார் 190 மீட்டர் நீளமுள்ள ஒரே சிற்பப் பட்டை, கொடி சுற்றியது போல 23 சுற்று சுற்றி மேலே ஏறுகிறது.

வேடிக்கை என்னவென்றால், பீடத்தின் கதவுக்கு மேலே இருக்கும் கல்வெட்டில், டிராஜனின் பட்டங்களில் ஒன்றாக வரும் ‘டேசிகஸ்’ என்பதைத் தவிர, டேசியப் போரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இவ்வளவு பெரிய வேலைகளுக்காக எவ்வளவு உயரமான குன்றையும் இடத்தையும் வெட்டி அகற்றினோம் என்று காட்டுவதற்காக செனட்டும் மக்களும் இதை நிறுவுகிறார்கள் என்றுதான் இருக்கிறது. தூண் ஓர் அளவுகோல்! தூண் நிற்கும் இடத்திலேயே அவ்வளவு உயரக் குன்று இருந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1906-ல் ஜாகொமோ போனி என்ற தொல்லியலாளர் அடித்தளத்தை ஒட்டித் தோண்டியபோது பழைய தெருவும் கட்டட மிச்சங்களும் கிடைத்தன. வெட்டியது பக்கத்திலிருந்த குவிரினால் குன்றின் சரிவைத்தான். 117-ல் டிராஜன் இறந்தபின் அவருடைய சாம்பலைப் பொற்கலசத்தில் இட்டு இந்தப் பீடத்துக்குள் வைத்தார்கள். நகர எல்லைக்குள் சாம்பலைப் புதைப்பது ரோமில் வழக்கமில்லை. கட்டும்போதே கல்லறை என்ற எண்ணம் இருந்ததா, பிறகு வந்ததா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். கல்வெட்டில் அந்தப் பேச்சே இல்லை.

இப்போது சிற்பத்துக்கு வருவோம். முதல் சுற்றில் போர் இருக்கிறதா என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். டான்யூப் கரை, காவல் கோபுரங்கள், சமிக்ஞைத் தீக்காக அடுக்கிய கட்டைகள், வைக்கோல் போர்கள், சாமான் ஏற்றும் படகுகள். தாடி வைத்த டான்யூப் நதித் தெய்வம் தண்ணீரிலிருந்து பாதி உடம்பு வெளியே வந்து, மிதவைப் பாலத்தில் படை கடப்பதை வேடிக்கை பார்க்கிறது. பிறகு டிராஜன் ஆலோசனை நடத்துகிறார், பலி கொடுக்கிறார், கோவேறு கழுதையிலிருந்து ஒருவன் தலைகுப்புற விழுவதைப் பார்க்கிறார், மேடையேறிப் பேசுகிறார். அப்புறம் கோட்டை, பாலம், சாலை. காட்டில் மரம் வெட்டுகிறார்கள், கூடையில் மண் சுமக்கிறார்கள், கோட்டைச் சுவரை அடுக்குகிறார்கள். மொத்தம் சுமார் 2,600 உருவங்கள். அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தடவை வருபவர் டிராஜன். சண்டைக் காட்சிகள் சிறுபான்மைதான்.

அதிலும் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். பட்டைக் கவசமும் வளைந்த நீள்சதுரக் கேடயமும் வைத்திருப்பவர்கள் ரோமக் குடியுரிமை உள்ள லெஜியன் வீரர்கள். பெரும்பாலும் மண்வெட்டியும் கையுமாக இருப்பவர்கள் இவர்கள்தான். நீள்வட்டக் கேடயக்காரர்கள் வெளிமாகாணங்களில் திரட்டிய துணைப்படை. முன்னால் நின்று வெட்டுப்படுவதும் வெட்டுவதும் அவர்கள். முதல் பெரிய சண்டையில் ஒரு துணைப்படை வீரன் வெட்டிய தலையின் முடியைப் பல்லால் கடித்துக்கொண்டே, இரண்டு கைகளும் ஓயாமல் அடுத்தவனோடு மோதிக்கொண்டிருக்கிறான். ரோமக் குடிமகன் ஒழுங்காகக் கட்டுகிறான், காட்டுத்தனம் மற்றவனுடையது. தலைநகரில் நின்று பார்ப்பவனுக்காகச் செய்த ஏற்பாடு இது. லெஜியன்காரர்கள் சண்டையே போடவில்லை என்று இதை வைத்து யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

சரி, நடந்தது எது? ஒரு காட்சியை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். உச்சிக்குச் சற்றுக் கீழே டேசிய மன்னன் டெசிபலஸின் முடிவு இருக்கிறது. ஒரு மரத்தடியில் அவன் முழந்தாளிட்டு விழுந்துகொண்டிருக்கிறான், வளைந்த கத்தி கழுத்தருகே. ரோமக் குதிரைவீரன் ஒருவன் குதிரையிலிருந்து சாய்ந்து, அவனைப் பிடிக்கக் கையை நீட்டுகிறான். ஒரு நொடி தாமதம். கொஞ்சம் தள்ளி, அந்தத் தலையைப் படையினருக்குக் காட்டும் காட்சி.

1965-ல் கிரீஸில், பழைய பிலிப்பி நகருக்கு அருகே, திபேரியஸ் கிளாடியஸ் மாக்ஸிமஸ் என்ற குதிரைவீரரின் நினைவுக்கல் கிடைத்தது. ‘டெசிபலஸைப் பிடித்து, அவன் தலையை ரானிஸ்டோரத்தில் டிராஜனிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக’ தனக்குப் பதவி உயர்வு வந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அதே கல்லில் மேலே உள்ள சிற்பம், விழும் மன்னனையும் கையிலிருந்து நழுவும் வளைந்த கத்தியையும் காட்டுகிறது. எழுத்து ‘பிடித்தேன்’ என்கிறது, படமோ அவன் தானே முடித்துக்கொண்டான் என்கிறது. வீரர் கொஞ்சம் கூட்டிச் சொல்லிக்கொண்டார்; பதவி உயர்வுக்கு அது போதும். தூண் இங்கே உண்மைக்கு நெருக்கமாக நிற்கிறது. ஆள், கத்தி, தலை, எல்லாம் ஒத்துப்போகின்றன.

கவசத்தில் அந்த நம்பிக்கையை வைக்காதீர்கள். அதே போருக்காக, ருமேனியாவின் ஆதம்கிளிசியில் 109-ல் இன்னொரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். செதுக்கியது கரடுமுரடான கை, ஆனால் எல்லையில் படையைப் பார்த்த கை. அங்கே லெஜியன் வீரர்கள் வளையக் கவசமும் செதில் கவசமும் போட்டிருக்கிறார்கள். வாள் பிடித்த கைக்குத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பட்டைக் காப்பு. எதிரி இரண்டு கையாலும் ஓங்கி வீசும் வளைந்த வாளுக்கு அந்தக் காப்பு தேவைப்பட்டது. ரோமில் இருக்கும் தூணில் அந்தக் கைக்காப்பே கிடையாது. நகரத்துச் சிற்பி, யார் யார் என்று தூரத்திலிருந்து தெரிவதற்காக ஆளுக்கொரு சீருடை கொடுத்துவிட்டார். டேசியரின் கூட்டாளிகளான சர்மேஷியர்களின் குதிரைப்படையைப் பாருங்கள்: மனிதனுக்கும் குதிரைக்கும் மீன் செதில் மாதிரி உடம்போடு ஒட்டிய கவசம், குதிரையின் கால் குளம்பு வரைக்கும். அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு குதிரையால் காலைத் தூக்கக்கூட முடியாது. ‘செதில் கவசக் குதிரை’ என்று யாரோ சொல்லக் கேட்டு, பார்க்காமலே செதுக்கியிருக்கிறார்கள்.

இந்தப் போரைப் பற்றி டிராஜனே எழுதிய நூல் தொலைந்துபோனது. மிஞ்சியது ஒரே வாக்கியம்: ‘அங்கிருந்து பெர்ஸோபிஸுக்கும், பிறகு ஐஸிக்கும் முன்னேறினோம்.’ ஆகவே தூணைப் புத்தகத்தோடு ஒப்பிட வழியில்லை. ஆனாலும் ‘காட்சி 24’, ‘காட்சி 145’ என்று எண் போட்டு ரோமானியரே அத்தியாயம் பிரித்தது போலப் பேசுகிறார்கள். அந்த 155 காட்சிகளாகப் பிரித்தது 19-ம் நூற்றாண்டின் இறுதியில் கான்ராட் சிகோரியஸ் என்ற ஜெர்மன் அறிஞர். தூணில் கோடு போட்டுப் பிரிக்கவில்லை. மரமோ பாறையோ குறுக்கே வந்தால் இடம் மாறுகிறது என்று பொருள். ஒரே ஒரு தெளிவான பிரிப்புதான் உண்டு. நடுவே சிறகு விரித்த வெற்றித் தேவதை கேடயத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கீழே முதல் போர், மேலே இரண்டாவது. கீழே நின்று 23 சுற்றையும் யாரும் படிக்க முடியாது என்பார்கள், சரிதான். ஆனால் சுற்றாமல் ஒரே பக்கத்தில் நின்று நேர்க்கோட்டில் மேலே பார்த்தால், அந்தத் தேவதைக்கு மேலே அதே வரிசையில் டெசிபலஸின் சாவு வருகிறது. கதையின் சாரம் தூணைச் சுற்றாமலே கிடைத்துவிடுகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு புலம்பல், மன்னியுங்கள். இணையத்தில் ‘டிராஜன் தூண்’ என்று வரும் படங்களில் கணிசமானவை பிற்காலப் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸின் தூண். உச்சியைப் பாருங்கள். பேதுரு நின்றால் டிராஜன், பவுல் நின்றால் ஆரேலியஸ். 1580-களின் இறுதியில் ஒரே போப்பாண்டவர் வைத்த இரண்டு சிலைகள். உச்சி தெரியாவிட்டால் செதுக்கிய ஆழத்தைப் பாருங்கள்: ஆரேலியஸ் தூணில் உருவங்கள் குறைவு, பெரிது, நிழல் விழும்படி ஆழமாகக் குடைந்திருக்கும்.

வளைவுகளில் நிலைமை வேறு. ஜெருசலேமைப் பிடித்த பேரரசர் டைட்டஸின் வளைவில் அந்த முற்றுகையே கிடையாது. உள்பக்கச் சுவரில் 71-ல் ரோமில் நடந்த ஊர்வலம்தான் இருக்கிறது: ஏழு கிளை விளக்குத்தண்டையும் எக்காளங்களையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தூண் போரைச் சொல்ல முயல்கிறது, இந்த வளைவு போருக்குப் பின் தலைநகரம் பார்த்ததைச் சொல்கிறது. மேலே கூரையில் டைட்டஸ் கழுகின்மேல் வானேறுகிறார். கல்வெட்டும் அவரைத் தெய்வமாகிவிட்டவர் என்கிறது. அதனால் 81-ல் அவர் இறந்தபின் முடித்தது என்று தெரிகிறது.

எழுதியதையே மாற்றிய இடமும் உண்டு. கி.பி. 203-ல் கட்டிய, பேரரசர் செவெரஸின் வளைவின் உச்சிக் கல்வெட்டில் நான்காவது வரியைப் பாருங்கள். முதலில் அங்கே அவருடைய இளைய மகன் கேட்டாவின் பெயர் இருந்தது. 211-ன் இறுதியில் அண்ணன் கரகல்லா அவனைக் கொன்றபின், வெண்கல எழுத்துகளைப் பிடுங்கி, கல்லைச் சுரண்டி, ‘மிகச் சிறந்த, மிக வீரமிக்க அரசர்களுக்கு’ என்று இட்டு நிரப்பினார்கள். பழைய எழுத்துகளைப் பிடித்திருந்த ஆணித் துளைகள் மட்டும் புதிய எழுத்துகளோடு பொருந்தாமல் இன்னும் அங்கேயே இருக்கின்றன.