தவணை அட்டவணையின் படத்திலிருந்து வட்டியையும் அசலையும் பிரித்தெடுத்தல்: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற வங்கிக் கடன் பிரிவு அலுவலர், அஸ்தம்பட்டி, சேலம்.

"ஐயா, தறி வாங்கிய கடனுக்கான அட்டவணையை மடித்த நிலையில் படம் எடுத்துவிட்டேன். 5-ஆம் தவணையின் வட்டி 2,717-ஆ, 2,777-ஆ என்று தெரியவில்லை. அசல் பத்தியும் பாதி இல்லை. ஆடிட்டர் கேட்கிறார்." (இளம்பிள்ளை)

உங்கள் படத்தில் பாக்கிப் பத்தி தெளிவாக இருக்கிறது. அது ஒன்றே போதும். 3,00,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 36 தவணை, மாதம் 9,964 ரூபாய் என்பது மேல்பகுதியிலேயே இருக்கிறது. 4-ஆம் தவணைக்குப் பின் பாக்கி 2,71,723, 5-ஆம் தவணைக்குப் பின் 2,64,476. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 7,247 ரூபாய்தான் அந்த மாதம் அசலில் கழிந்தது. தவணைத் தொகையில் அதைக் கழித்தால் மிஞ்சும் 2,717 ரூபாய் வட்டி. முந்தைய பாக்கிக்கு ஒரு சதவீதம் போட்டுப் பார்த்தாலும் 2,717 ரூபாய் 23 காசு வருகிறது. ஆகவே 2,777 என்பது மடிப்பின் நிழல் செய்த வேலை.

இரண்டு வழியில் வரும் விடையும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வரியை ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டும். ஒன்றாக வரவில்லை என்றால், உங்கள் அட்டவணையின் பாக்கிப் பத்தி தவணை கட்டுவதற்கு முந்தையதா பிந்தையதா என்று முதலில் பாருங்கள். முதல் வரியிலேயே 3,00,000 என்று இருந்தால் முந்தையது. 2,93,036 என்று இருந்தால் பிந்தையது. இதை மாற்றிப் புரிந்துகொண்டால் எல்லா வட்டியும் ஒரு வரி தள்ளிப்போகும், கூட்டல் கழித்தலில் எந்தப் பிழையும் தென்படாது. நான் பார்த்தவற்றில் மங்கிய எண்களைவிட இதனால் வந்த குழப்பமே அதிகம்.

எக்செல் வைத்திருந்தால் இதைக் கொண்டும் சரிபார்க்கலாம்:

```
=IPMT(12%/12,5,36,-300000)
```

"இவ்வளவு பாடு எதற்கு? மொத்த வட்டி 58,700 ரூபாய் சொச்சம். 36-ஆல் வகுத்தால் மாதம் 1,631. கடைசியில் கணக்கு ஒன்றுதானே?" (குகை)

முழுக் காலத்துக்கும் மொத்தம் ஒன்றுதான், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் முதல் மாத வட்டி 3,000 ரூபாய். கடைசி மாதத்தில் அது நூறு ரூபாய்க்கும் கீழே வரும். தொழில் கணக்கில் செலவாக எழுத முடிவது வட்டியை மட்டுமே என்பதால், சராசரி போட்டால் முதல் ஆண்டில் செலவு குறைந்து லாபம் கூடுதலாகத் தெரியும்.

"எனது அட்டவணையில் முதல் வரியில் மட்டும் வட்டி 4,340 என்று இருக்கிறது. இதுவும் 3 லட்சம், 12 சதவீதம்தான். படம் தவறா?" (செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை)

படம் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய தாளின்படி கடன் 2025 ஜனவரி 20 அன்று கைக்கு வந்தது, முதல் தவணை மார்ச் 5. இடையில் 44 நாட்கள். ஆண்டு வட்டி 36,000 ரூபாயை 365-ஆல் வகுத்து 44-ஆல் பெருக்கினால் 4,340 வருகிறது. அந்தத் தவணையில் அசலுக்குப் போனது 5,624 மட்டுமே. சில நிறுவனங்கள் இந்தக் கூடுதல் நாள் வட்டியைக் கடன் தரும்போதே தனியாகப் பிடித்துக்கொள்கின்றன. உங்களிடமும் அப்படிப் பிடித்திருந்தால் இரண்டு முறை வாங்கியதாகிவிடும். கைக்கு வந்த தொகை 3,00,000-ஆ, குறைவா என்பதை வங்கிப் புத்தகத்தைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

"1 லட்சம், 24 தவணை, 12 சதவீதம். எல்லா வரியிலும் வட்டி 1,000, அசல் 4,167 என்றே இருக்கிறது. பிரித்தது சரிதானே அண்ணா?" (அம்மாபேட்டை)

பிரித்தது சரி, ஆனால் அது ஃபிளாட் வட்டி. இரண்டாம் மாதம் பாக்கி 95,833 ரூபாய். அதற்கு ஒரு சதவீதம் 958, அவர்கள் வாங்குவதோ 1,000. பாக்கி குறையக் குறைய வட்டி குறையவில்லை என்றால், தாளில் 12 என்று இருந்தாலும் நீங்கள் கட்டுவது 21 சதவீதத்துக்கும் மேல்.

"ஏற்காட்டில் காப்பித் தோட்டம். பயிர்க்கடனுக்கு எந்த அட்டவணையும் தரவில்லை. எந்தத் தவணையில் எவ்வளவு அசல் என்று படம் பார்த்துச் சொல்வீர்களா?" (ஏற்காடு)

நீங்கள் அனுப்பியது கணக்கு அறிக்கையின் படம் அம்மா. பயிர்க்கடனில் மாதத் தவணை கிடையாது. எடுத்த தொகைக்கு எத்தனை நாளோ அத்தனை நாளுக்கு வட்டி ஏறி, விளைச்சல் விற்றபின் அசலோடு சேர்த்துக் கட்டுவீர்கள். அறிக்கையில் பற்றுப் பக்கத்தில் வட்டி என்று எழுதியிருக்கும் வரிகளை மட்டும் கூட்டுங்கள்.

"மாறும் வட்டி வீட்டுக் கடன். நடுவில் வட்டி ஏறியது. பழைய அட்டவணைப் படத்தை வைத்தே வரிக்கணக்கு போடலாமா?" (ஆத்தூர்)

கூடாது. வட்டி மாறிய மாதத்துக்குப் பின் அந்தப் படத்தின் ஒரு வரிகூடப் பொருந்தாது. கிளையில் அந்த நிதியாண்டுக்கான வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வட்டியும் அசலும் அதில் தனித்தனியாக இருக்கும்.