மாந்தளிர் படத்திலிருந்து வளையலுக்கு நிறம் எடுத்தல்

“மாந்தளிர் படத்தை நிறம் பிரித்தெடுக்கும் செயலியில் போட்டால் பச்சையும் சேற்றுப் பழுப்பும்தான் வருகின்றன, பட்டு நூல் வளையலுக்கு அந்தச் செம்பு நிறம் வேண்டும்.”

படத்தில் அதிக இடம் பிடித்த நிறங்களுக்கே செயலி முதலிடம் தருவதால், முற்றிய இலைகளுக்கு நடுவே சிறிதாக நிற்கும் தளிர் விடுபட்டுப்போகிறது. தளிரின் சிவப்பும் இலையின் பச்சையும் சராசரியாகக் கலந்த இடமே உங்களுக்குச் சேறாகத் தெரிகிறது. ஆகவே, முதலில் தளிரை மட்டும் வெட்டியெடுங்கள். பிறகு ஒரே புள்ளியைத் தொடாமல், அந்தத் துண்டைப் பத்துப் பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, மென்மையாக்காமல் மீண்டும் பெரிதாக்கிப் பாருங்கள். நிறங்கள் கட்டம் கட்டமாகப் பிரிந்து நிற்கும். வெயில் பட்டு வெளுத்த கட்டங்களை விட்டுவிட்டு, நடுத்தர வெளிச்சத்தில் உள்ள செம்பு, மடிப்பின் நிழலில் உள்ள கருஞ்சிவப்பு, நரம்போரத்து இளம்பச்சை ஆகிய மூன்றை எடுத்தால் போதும்.

கிருஷ்ணகிரித் தோப்புகளில் நான் படமெடுப்பது மேகமூட்டத்தில்தான், ஏனெனில் உச்சிவெயிலில் தளிரின் மினுமினுப்பு நிறத்தையே மறைத்துவிடும். நூல் வாங்கும்போது திரையை நம்பாமல், ஒரு தளிரைக் கையோடு கொண்டுபோய், கடை வாசல் வெளிச்சத்தில் நூல்கண்டோடு ஒட்டிப் பாருங்கள். வளையலில் செம்பு முக்கால் பங்கு இருக்கட்டும். பச்சை ஓர் இழை போதும், கூடினால் தளிர் தெரியாது.