ரூம் வாடகையில் தொடங்கிய வெட்டு

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. ஐந்து நாள் இருந்தோம், பில் 1,70,000 ரூபாய். மூன்று லட்சத்துக்கு பாலிசி இருந்தும் 57,600 தான் வந்திருக்கிறது. டிடக்டிபிள், கோ-பே, ரூம் வாடகை என்று காரணம் சொல்கிறார்கள். இது சரிதானா? – பாம்பன் வாசகர்

சரியில்லை. அதற்காக முழுப் பணமும் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய பில்லையும் கம்பெனிக் கடிதத்தையும் வைத்துக் கணக்குப் போட்டேன். குறைந்தது 79,200 வந்திருக்க வேண்டும்.

உங்கள் பாலிசியில் ஒரு நாள் ரூம் வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம். அதாவது 3,000 ரூபாய். நீங்கள் எடுத்தது 6,000 ரூபாய் ரூம். ஐந்து நாளுக்கு 15,000 கைவிட்டுப் போகும், அவ்வளவுதானே என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவ்வளவு இல்லை. வாடகை பாதிதான் செல்லும் என்றால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், நர்சிங் எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள். ரூம் உயர உயர இந்தக் கட்டணங்களையும் ஆஸ்பத்திரிகள் ஏற்றுவதால் வந்த விதி இது. உங்கள் பில்லில் இவை 80,000. அதில் 40,000 போயிற்று. பணம் பெருமளவு கரைந்த இடம் இதுதான். "இன்சூரன்ஸ்தான் இருக்கே, டீலக்ஸ் ரூமே எடுத்துக்கங்க" என்று கவுன்ட்டரில் சொல்பவர் இதைச் சொல்ல மாட்டார். பாலிசி விற்றவரும் சொல்லியிருக்க மாட்டார்.

கம்பெனி தவறியது இதற்கு அடுத்த படியில். மருந்து, ஆபரேஷனில் பயன்படுத்தும் பொருள்கள், உடலில் பொருத்தும் கருவி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகித வெட்டு போடக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே உத்தரவிட்டது. உங்களுக்கு அவற்றிலும் பாதியை வெட்டியிருக்கிறார்கள். கையுறை, ஃபைல் சார்ஜ் போன்ற தராத இனங்கள் 6,000 கழித்தால் மருந்துச் செலவு 34,000, பரிசோதனை 20,000. இந்த 54,000-ஐ 27,000 ஆக்கிவிட்டார்கள்.

சரியான கணக்கு இப்படி வரும். வாடகை 15,000, டாக்டர், தியேட்டர் வகையில் 40,000, மருந்து 34,000, பரிசோதனை 20,000, ஆக 1,09,000. முதலில் நீங்களே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் 10,000 போனால் 99,000. அறுபது தாண்டியவர் என்பதால் மீதியில் நீங்கள் தர வேண்டிய பங்கான கோ-பே உங்கள் பாலிசியில் 20 சதவீதம், அது 19,800. மிச்சம் 79,200. டிடக்டிபிளும் கோ-பேயும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டவை, அவற்றோடு சண்டை போட்டுப் பயனில்லை.

இன்னொரு வழி இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எந்த ரூமில் படுத்தாலும் ஆபரேஷன் கட்டணம் ஒன்றுதான் என்று வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. அங்கே விகித வெட்டே போடக் கூடாது. வாடகையில் கூடுதலை மட்டும்தான் கழிக்கலாம். ஆகவே மதுரைக்குப் போய், "ரூம் வகையைப் பொறுத்து டாக்டர், தியேட்டர் கட்டணம் மாறாது" என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தர முடியுமா என்று பில்லிங் பிரிவில் கேளுங்கள். கூடவே கட்டணப் பட்டியலின் நகலும் வேண்டும். வாயால் சொன்னால் போதாது. பேக்கேஜ் கட்டணம் என்றால் அந்தத் தாளையும் வாங்குங்கள். கட்டணம் மாறும் என்றால் எழுதித் தரமாட்டார்கள், வற்புறுத்த வேண்டாம். கடிதம் கிடைத்தால் 80,000 முழுதும் கணக்கில் வரும்; உங்களுக்கு வர வேண்டியது 1,11,200 ஆகிவிடும். ஆஸ்பத்திரியிடம் கம்பெனியே ஒரு போனில் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார்கள், கம்ப்யூட்டர் வெட்டியதை அப்படியே அனுப்பிவிடுவார்கள். பாம்பனிலிருந்து நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். எந்த இனத்தில் எவ்வளவு, பாலிசியின் எந்த விதிப்படி வெட்டினீர்கள் என்று கேட்டு, மேலே சொன்ன கணக்கையும் இணையுங்கள். bimabharosa.irdai.gov.in தளத்திலும் பதியலாம். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கம்பெனியின் மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, cioins.co.in வழியாக வீட்டிலிருந்தே அனுப்பலாம்.

இதற்குள் உங்களைத் தேடி ஒருவர் வருவார். கீழக்கரையிலிருந்து தொண்டி வரை இப்போது இது ஒரு தொழில். "கிளைம் நான் முடிச்சுத் தர்றேன், வர்றதுல இருபது பர்சன்ட் குடுங்க" என்பார்; வெற்றுத் தாளில் கையெழுத்தும் ஒரிஜினல் பில்லும் கேட்பார். இரண்டையும் கொடுக்காதீர்கள். ஆம்புட்ஸ்மேன் முன் வக்கீலுக்கும் ஏஜென்ட்டுக்கும் இடமில்லை, பாலிசிதாரர்தான் மனுப் போட வேண்டும். பாலிசி அப்பா பெயரில் இருந்தால் மனுவில் அவர் கையெழுத்து இருக்கட்டும்.