ஓடுகிற ஆளை ஒட்டும்போது முதலில் ஷூவைப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் எடுத்த ஃபோட்டோவில் வேறு படத்திலிருந்து ஓடுகிற ஆளை வெட்டி வைத்தேன். மோஷன் பிளர் கொடுத்தும் ஒட்டுப்போட்ட மாதிரியே தெரிகிறது. எவ்வளவு பிளர், எங்கே கொடுக்க வேண்டும்?

ஆள் முழுவதற்கும் ஒரே அளவு பிளர் கொடுத்திருப்பீர்கள். நானும் ஒருமுறை இதே தப்பைச் செய்தேன். சேலத்தில் ஓர் ஓட்டப் போட்டிக்கான போஸ்டர். பின்னணி ஏற்காட்டுக் காபித் தோட்டச் சாலை. பனி மூட்டத்தில் 1/60 நொடி ஷட்டரில் எடுத்தது, ஃபோகஸ் முன்னால் நின்ற சில்வர் ஓக் மரத்தில். ஓடியது என் மச்சான், நல்ல வெயிலில் மைதானத்தில் 1/1000-ல் எடுத்த படம். பிளர் போட்டதும் மனுஷன் சாலையில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

அளவைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவர் 1/60 நொடியில் சுமார் 8 செ.மீ. நகர்வார். படத்தில் 170 செ.மீ. ஆள் 850 பிக்சல் உயரம் என்றால் 1 செ.மீ.க்கு 5 பிக்சல். ஆக ஃபோட்டோஷாப்பின் `Motion Blur`-இல் Distance சுமார் 40, கோணம் சாலையின் ஏற்றத்துக்கு இணையாக. இது பக்கவாட்டில் ஓடுகிறவருக்கு. கேமராவை நோக்கி வருகிறவருக்கு இதைவிட மிகக் குறைவு. உங்கள் பின்னணி 1/500-ல் எடுத்ததென்றால் 5 பிக்சல்தான், கைவைக்காமலே விடலாம்.

ஆனால் அந்த 40 உடம்புக்கு மட்டும். தரையில் ஊன்றிய கால் அந்த நொடியில் நகர்வதே இல்லை, அதற்குச் சுழியம். முன்னால் வீசுகிற கால் உடம்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகம், அதற்கு 80 வரை. அதனால் வீசும் காலைத் தனி லேயராக்கிவிட்டு, இரண்டு லேயரையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி பிளர் கொடுத்து, ஊன்றிய ஷூவின் மேல் ஃபில்டர் மாஸ்க்கில் கருப்பு தடவினேன். வழுக்கல் போய்விட்டது.

அடுத்தது ஃபோகஸ். இங்கே ஊன்றிய ஷூவும் தப்பாது. அது நகரவில்லை, ஆனால் ஃபோகஸுக்கு வெளியே இருக்கிறது. எவ்வளவு வெளியே என்பதை முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கால் பதிகிற இடத்துக்கு நேரே சாலையோரக் கல்லைப் பாருங்கள். 100% ஜூமில் அந்தக் கல்லின் ஓரம் எனக்கு 6 பிக்சல் அகலத்துக்குக் கரைந்திருந்தது. ஷூவின் ஓரமும் அதே அளவு கரையும்வரை `Field Blur`-ஐ ஏற்றினேன்.

ஒரு சிக்கல் உண்டு. ஸ்மார்ட் ஃபில்டர்கள் எல்லாவற்றுக்கும் மாஸ்க் ஒன்றுதான். மோஷனுக்காக ஷூவை மறைத்தால் ஃபோகஸ் பிளரும் அங்கே மறைந்துவிடும். அதனால் மோஷன் வேலை முடிந்ததும் லேயர்களைச் சேர்த்து `Convert to Smart Object` கொடுங்கள், அதன் மேல் `Field Blur` போடுங்கள்.

பிளர் போட்டால் கிரெய்னும் அழிந்துபோகும், ஆள் மட்டும் மெழுகுபோல் வழவழவென்று நிற்பார். பின்னணியின் கிரெய்ன் அளவுக்கு `Add Noise` கடைசியில் சேர்க்க வேண்டும். நிழலை மறக்காதீர்கள். ஊன்றிய காலை ஒட்டிய பகுதி அசையாது, உடம்பின் நிழல் உடம்போடு ஓடும்.