பத்தில் ஒன்பது பேருக்கு விளைச்சல் கூடியதாம்: துண்டறிக்கைக் கணக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஐயா, சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாயின் கடைமடையில் எனக்கு 3 ஏக்கர் நெல் இருக்கிறது. நுண்ணூட்டக் கலவை ஒன்றை விற்க வந்தவர்கள் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். போன பிசானப் பருவத்தைவிட இந்தப் பிசானத்தில் 10 விவசாயிகளில் 9 பேருக்கு விளைச்சல் கூடியது, சராசரியாக ஏக்கருக்கு 5 மூடை கூடுதல் என்று அதில் இருக்கிறது. பத்துப் பேரின் கூடுதலும் வரிசையாக அச்சாகியிருக்கிறது: 1, 0, 2, 1, 1, 2, 18, 1, 22, 2. கலவைக்கு ஏக்கருக்கு 2,000 ரூபாய் செலவாகும். எங்கள் பக்கம் மூடை 1,500 ரூபாய்க்குப் போகிறது. வாங்கலாமா?

பதில்: இந்தக் கணக்கை மட்டும் நம்பி 3 ஏக்கருக்கும் வாங்க வேண்டாம். கலவையே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது பயன் தருகிறதா இல்லையா என்பதை இந்தத் துண்டறிக்கை காட்டவில்லை என்றுதான் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பத்து எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 0, 1, 1, 1, 1, 2, 2, 2, 18, 22. கூட்டுத்தொகை 50 ஆகையால் சராசரி 5 என்பது கூட்டல் வகுத்தலில் சரிதான். ஆனால் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடச் சரியாக 5 மூடை கூடவில்லை. அதற்கு அருகில் வந்தவரும் இல்லை. எட்டுப் பேர் 2 மூடைக்குள் நிற்கிறார்கள், மற்ற இருவர்தான் சராசரியை மேலே தூக்கியிருக்கிறார்கள். அந்த இருவரையும் விலக்கினால் சராசரி ஒன்றேகால் மூடையாக இறங்கிவிடுகிறது. இப்படி ஓரிரு எண்கள் தனித்து ஓங்கி நிற்கும் இடத்தில், பள்ளிக் கணக்கில் படித்த இடைநிலையைத்தான் பார்க்க வேண்டும். அடுக்கிய வரிசையின் நடுவில் 1 மூடையும் 2 மூடையும் நிற்பதால் இங்கே இடைநிலை ஒன்றரை மூடை. செலவு ஈடுகட்ட ஏறத்தாழ ஒன்றேகால் மூடைக்குச் சற்று மேல் வேண்டியிருப்பதால், கூடுதல் முழுவதும் கலவையால் வந்ததென்றே வைத்துக்கொண்டாலும் பத்தில் ஐந்து பேர் கைநட்டப்பட்டிருக்கிறார்கள். ‘ஒன்பது பேருக்குக் கூடியது’ என்ற வாக்கியத்துக்குள் அந்த நட்டம் மறைந்துவிட்டது. ஏனென்றால் ஒரு மூடை கூடியவரும் 22 மூடை கூடியவரும் அதில் ஒரே மாதிரி எண்ணப்படுகிறார்கள்.

அந்த 18, 22 மூடைகளை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆண்டில் ஏக்கருக்கு இருபது மூடை அளவுக்கு உயர வேண்டுமானால், முந்தைய ஆண்டு அந்த வயல் அநேகமாகக் காய்ந்தோ மூழ்கியோ பூச்சி தின்றோ போயிருக்க வேண்டும். கடைமடைக்காரரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாபநாசம் அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டு உங்கள் வயலுக்கு என்ன நேரும், அது நிறைந்த அடுத்த ஆண்டு என்ன நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள். எந்தக் கலவையும் தெளிக்காமலே விளைச்சல் ஏறும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. புதிய மருந்தையோ உரத்தையோ முதலில் வாங்கிப் பார்ப்பவர்களில் போன முறை நட்டப்பட்டவர்களே அதிகம் இருக்கக்கூடும். மிக மோசமான ஒரு ஆண்டுக்குப் பிறகு வரும் ஆண்டு வழக்கமான நிலைக்குத் திரும்புவதுதான் இயல்பு. அந்தத் திரும்புதல் முழுவதையும் கலவையின் பெயரில் வரவு வைத்துவிடலாம். ஆகவே நீங்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதே கால்வாயில், அதே மடைப் பகுதியில், கலவை தெளிக்காதவர்களுக்கு இந்தப் பிசானத்தில் எவ்வளவு கூடியது என்பதே. அவர்களுக்கும் ஒன்றரை மூடை கூடியிருந்தால் கலவையின் பங்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை.

‘வெறும் பத்துப் பேர்தானே’ என்பது பலருக்கும் முதலில் தோன்றும் குறை. அது உண்மையான குறைதான்: பத்தில் ஒன்பது என்ற விகிதத்தை வைத்து மொத்த விவசாயிகளைப் பற்றிச் சொல்ல முயன்றால், நூற்றுக்கு 60 முதல் 98 வரை எதுவாகவும் இருக்கலாம் என்ற அளவுக்கே சொல்ல முடியும். ஆனால் இதையே பெரிய குறையாகப் பிடித்துக்கொண்டால், அவர்கள் அடுத்த முறை 200 பேரின் பட்டியலோடு வருவார்கள், நாமும் அடங்கிவிடுவோம். அந்த 200 பேரும் தலைமடைக்காரர்களாகவோ, அவர்களின் கடையில் வாடிக்கையாக வாங்குபவர்களாகவோ, நல்ல விளைச்சல் கண்டதால் தாமாக வந்து சொன்னவர்களாகவோ இருந்தால், எண்ணிக்கை கூடியதால் எந்தப் பயனும் இல்லை. 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற வார இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளைத் திரட்டி, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. அந்நாளில் ஓரளவு வசதி படைத்தவர்களிடமே இருந்த தொலைபேசி, மோட்டார் வாகனப் பதிவுப் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான முகவரிகளை எடுத்திருந்தார்கள். விடை அனுப்ப முனைந்தவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தார்கள். ஆனால் லாண்டனை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46இல் வென்றார்.

அரசு நெல் விளைச்சலை மதிப்பிடும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் வயலையும், வயலுக்குள் அறுக்க வேண்டிய இடத்தையும் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுவே. கதிர் எங்கே செழித்திருக்கிறது என்று பார்த்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரத்தைக் கட்டினால் மதிப்பீடு அங்கேயே கெட்டுவிடும்.

அதே முறையை உங்கள் வயலிலும் செய்து பார்க்கலாம். அதற்கு 3 ஏக்கருக்குமான கலவை தேவையில்லை. ஒரே ரகம் நட்ட ஆறு சிறு வயல்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் நடுவில் வரப்பிட்டு இரண்டாகப் பிரியுங்கள். போதவில்லையென்றால் பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதிக்குக் கலவை என்பதை ஒவ்வொரு வயலிலும் நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். மடை ஓரப் பாதியையே கலவைக்குக் கொடுக்க மனம் இழுக்கும். அதைத் தடுக்கத்தான் நாணயம். மற்ற உரம், தண்ணீர், களையெடுப்பு எல்லாம் இரு பாதிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அறுவடையில் சிறு சதுரத்தை மட்டும் எடை போட்டுப் பெருக்குவதைவிட, ஒவ்வொரு பாதியையும் முழுதாகத் தனித்தனியே அறுத்து அடித்து எடை போடுவது நல்லது. 25 சதுர மீட்டரின் எடையை ஏக்கர் கணக்குக்குக் கொண்டுவர ஏறத்தாழ 162ஆல் பெருக்க வேண்டியிருப்பதால், தராசில் அரைக் கிலோ பிசகினாலே ஏக்கருக்கு 81 கிலோ பிசகிவிடும். அது 75 கிலோ மூடையில் ஒன்றைவிட அதிகம். நெல்லின் ஈரமும் இரு பாதிகளில் ஒரே அளவாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஆறு வயல்களிலும் கலவைப் பாதியே மிஞ்சி நின்றால், அது தற்செயலாக நேர 64இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்பதால் கலவைக்கு ஏதோ விளைவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நான்கில் மிஞ்சி இரண்டில் குறைந்தால் எதுவும் தெளிவாகவில்லை என்று பொருள். விளைவு இருப்பதாகத் தெரிந்தபின், ஆறு வித்தியாசங்களையும் ஏக்கர் கணக்குக்கு மாற்றி வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்கும் இரண்டின் சராசரி ஏறத்தாழ 100 கிலோவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டாவிட்டால், உங்கள் விலையில் அந்த 2,000 ரூபாய் திரும்பாது.