மச்சான் தரும் 1.5 லட்சத்துக்கு வட்டி எவ்வளவு தெரியுமா?

கேள்வி: மதுரையில் கேன் தண்ணீர் போடுகிறேன். தினமும் 90 கேன். வண்டிச் செலவுக்கு முன் கேனுக்கு 15 ரூபாய் நிற்கிறது. இப்போது வாடகை வண்டிதான், சொந்தமாக வாங்க வேண்டும். கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. லோடு ஆட்டோ போதும் என்று நினைத்தேன். மச்சான் குட்டி யானை எடுக்கச் சொல்கிறார். 1.5 லட்சம் வட்டியில்லாமல் தருவார், மெதுவாகத் திருப்பினால் போதுமாம். ஆனால் ஞாயிறுதோறும் அவருடைய பந்தல் சாமான் ஏற்ற வண்டியை விடவேண்டும். ஷோரூமில் எலக்ட்ரிக் எடுக்கச் சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

பதில்: மச்சான் பணத்திலிருந்தே தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. குட்டி யானைக்கு ஒரு நாள் வாடகை 1,500 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வருடத்தில் 52 ஞாயிறு. 78,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள். 1.5 லட்சத்துக்கு அது 52 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல் மாதவட்டி. அசல் அப்படியே நிற்கும். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, பந்தல் வேலை ஞாயிறோடு நிற்காது. முகூர்த்த நாளில் வண்டி கேட்பார். அதே நாளில்தான் மண்டபங்கள் உங்களிடம் கூடுதல் கேன் கேட்கும். இரும்புக் குழாய் அளவுக்கு மீறி ஏறினாலோ, சாமான் மேல் ஆட்கள் உட்கார்ந்து வந்தாலோ, ஆர்.சி. உங்கள் பெயரில். மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. சாமான் மேல் வந்தவர் விழுந்து அடிபட்டால் சரக்கு வண்டி இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கைகொடுக்காது.

இப்போது வண்டிக்கு வருவோம். நிறைந்த 20 லிட்டர் கேன் ஏறக்குறைய 21 கிலோ. லோடு ஆட்டோ ஓட்டுபவர் போக சுமார் 500 கிலோ தாங்கும்: 23 கேன், நாலு நடை. குட்டி யானை சுமார் 750 கிலோ. அதில் நீங்களும் பையனும் போக 30 கேன், மூன்று நடை. இவ்வளவு பேச்சும் ஒரே ஒரு நடைக்காக! (மாடலுக்கு மாடல் எடை மாறும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்துப் பாருங்கள்.)

ஒரு நடை போய்வர 14 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆட்டோ 56, குட்டி யானை 42. ஆனால் பாரத்தோடு தெருத்தெருவாக நின்று போகும்போது ஆட்டோ லிட்டருக்கு 28 கொடுத்தால் குட்டி யானை 16 கொடுக்கும். டீசல் 93 ரூபாய் என்றால் நாளுக்கு 190-க்கும் 245-க்குமான வித்தியாசம். மாதம் 26 நாளில் ஏறக்குறைய 1,500 ரூபாய் கூடுதல்.

ரோட்டுக்கு வரும்போது ஆட்டோ 3.1 லட்சம், குட்டி யானை 6 லட்சம் என்று கொள்வோம். ஆட்டோவுக்கு உங்கள் பணம் மட்டும் போக, குட்டி யானைக்கு மச்சான் பணமும் போக, மீதிக்கு 12 சதவீதத்தில் நாலு வருடக் கடன். ஆட்டோவுக்குத் தவணை சுமார் 6,300, குட்டி யானைக்கு 10,000. மச்சானுக்கு மாதம் 3,100 திருப்ப வேண்டும். டயர், இன்ஷூரன்ஸில் இன்னும் ஆயிரம். மேலே சொன்ன டீசலும் சேர்த்து மாதம் 9,300 ரூபாய் அதிகம். 15 ரூபாயால் வகுத்தால் 620 கேன். அதாவது நாளுக்கு 24 கேன் கூடுதலாக விற்றால்தான் பெரிய வண்டி சமன் ஆகும். அந்த 24 கேனுக்கு இன்று ஆள் இருக்கிறார்களா?

லோடு ஆட்டோவே எடுங்கள். ஆனால் ஒரு பழக்கம் வேண்டாம். தட்டில் ஒரு வரிசை நிறைந்ததும் அதன் மேல் இரண்டாவது வரிசை அடுக்கத் தோன்றும். 40 கேன் ஏற்றினால் 840 கிலோ. முதலில் பின்பக்க டயரின் ஓரம் தேயும், பிறகு பிரேக் பிடிக்கத் தாமதமாகும். ஒரு நடை மிச்சம் பிடித்த டீசல் காசு டயரில் போய்விடும். ஆட்டோவில் ஓட்டுபவருக்கு மட்டுமே இருக்கை என்பதும் நினைவிருக்கட்டும். மாடி வீடுகளுக்குத் தூக்க ஆள் வேண்டுமென்றால் அவர் தனி பைக்கில் வரவேண்டும்.

எலக்ட்ரிக்கை இப்போது தொடாதீர்கள். உங்கள் 56 கிலோமீட்டரை அது ஓட்டிவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பேட்டரி மாற்றும் விலையையும், நாலு வருடம் கழித்து அந்த வண்டியை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராத வரை 70,000 ரூபாய் மட்டும் வைத்திருப்பவர் அதில் இறங்கக் கூடாது.

மூன்று மாதம் தொடர்ந்து 120 கேனுக்கு மேல் போனாலோ, தண்ணீர் பிளாண்ட் தூரமாகி நடை நீண்டாலோ குட்டி யானையைப் பேசலாம். மச்சானிடம் இந்த 78,000 கணக்கை அப்படியே காட்டுங்கள். ஞாயிறு வண்டி வேண்டுமென்றால் நாள் வாடகை பேசி வெளியில் எடுத்துக்கொள்ளட்டும். அவர் பணத்தை நீங்கள் வாங்காமல் இருக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.