தாத்தா வழி வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து அல்ல

"எனக்கு 70 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஊர். தாத்தா காலத்திலிருந்து வந்த நிலத்தை 1978-இல் நானும் தம்பியும் பத்திரம் பதிந்து பாகம் பிரித்தோம், அப்பா பங்கு எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு 2 ஏக்கர் வந்தது. அப்பா சொந்த சம்பாத்தியத்தில் வாங்கிய 3 ஏக்கர் தனியாக இருந்தது. 1988-இல் அவர் உயில் எழுதாமல் காலமானார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அந்த நிலத்தை நானும் தம்பியும் வாய்ப்பேச்சாக ஒன்றரை ஏக்கர் வீதம் எடுத்துப் பட்டா மாற்றிக்கொண்டோம். ஒரு தங்கை உண்டு. 1996-இல் என் சம்பளத்தில் வீடு வாங்கினேன். இரண்டு மகன்கள், ஒரு மகள். மகளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டுவிட்டேன். நிலம் முழுவதையும் மகன்களுக்கும், வீட்டை எங்களைப் பார்த்துக்கொள்ளும் சின்னவனுக்கும் எழுதலாமா?"

ஐயா, வீட்டை எழுதலாம். நிலத்தை நீங்கள் நினைக்கிறபடி எழுத முடியாது. அந்த இரண்டு நிலங்களுமே அப்பா வழியில் வந்தவைதான் என்றாலும், சட்டத்தின் கண்ணில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் அப்பா வாங்கிய 3 ஏக்கர். "தாத்தா சொத்து பேரனுக்கு" என்ற பேச்சை வைத்துப் பலரும் இதைப் பூர்வீகம் என்றே நினைக்கிறார்கள். அது அப்படி அல்ல. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்தச் சொத்து அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். அப்படிக் கிடைத்த பங்கு, அதைப் பெற்ற வாரிசின் தனிச் சொத்து. அதில் அவருடைய பிள்ளைகளுக்குப் பிறப்பால் உரிமை வராது. உச்ச நீதிமன்றம் 1986-இல் சந்தர் சென் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இந்த நிலத்தில் உங்கள் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் நீங்கள் எழுதலாம்.

ஆனால் உங்கள் பங்கு எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அப்பா இறந்த அன்று வாரிசுகள் மூன்று பேர்: நீங்கள், தம்பி, தங்கை. ஆளுக்கு 1 ஏக்கர். உங்கள் பெயரில் பட்டா இருப்பதோ ஒன்றரை ஏக்கர். மேலதிகமான 50 சென்ட் தங்கையுடையது, தம்பி பெயரிலுள்ள நிலத்திலும் 50 சென்ட் அவருடையது. பட்டா வருவாய்த் துறைக் கணக்குதான், அது உரிமையை உண்டாக்காது. இத்தனை வருடம் கேட்காமல் இருந்தார் என்பதும் போதாது. கூட்டு உரிமையாளர் ஒருவர் அனுபவித்து வந்தால் மற்றவருக்காகவும் அனுபவித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். "உனக்குப் பங்கே இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து, அது அவருக்குத் தெரிந்தும் 12 ஆண்டுகள் போயிருந்தால்தான் வாதமாவது செய்யலாம். இதைக் கவனிக்காமல் ஒன்றரை ஏக்கரையும் பிள்ளைகளுக்கு எழுதினால், நாளைக்கு அத்தையோ அவர் பிள்ளைகளோ போடும் பாகப்பிரிவினை வழக்கு உங்கள் மகன்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது 1978-இல் பாகத்தில் வந்த 2 ஏக்கர். இதுதான் உண்மையான பூர்வீகச் சொத்து. தாத்தாவிடமிருந்து வழிவழியாக வந்த கூட்டுக்குடும்ப நிலம், பாகம் பிரித்து உங்கள் கைக்கு வந்த பிறகும் உங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை பூர்வீகமாகவே இருக்கும். பத்திரம் உங்கள் ஒருவர் பெயரில் இருப்பதால் அது மாறிவிடாது. (தங்கை இதில் கேட்க முடியாது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுசெய்து முடிந்த பாகப்பிரிவினையை, மகள்களுக்கும் பூர்வீகத்தில் பங்கு தந்த 2005 திருத்தச் சட்டம் தொடவில்லை.)

இந்த 2 ஏக்கரில் மகன்களைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி. தமிழ்நாட்டில் 1989-லேயே, அன்று திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்கு இந்த உரிமை வந்தது. மத்தியத் திருத்தம் 2005 செப்டம்பர் 9-இல் அமலானது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது, திருமணமானதால் போகாது என்று உறுதி செய்தது. கல்யாணத்தில் போட்ட நகை இந்தப் பங்குக்கு ஈடு ஆகாது. நகையையும் சீரையும் சொல்லிப் பெண்ணை ஒதுக்கிய குடும்பங்களில் அண்ணன் தங்கை உறவு எப்படி அறுந்துபோகிறது என்பதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் வீட்டில் அது வேண்டாம்.

கணக்கு இது: நீங்கள், மூன்று பிள்ளைகள் என நான்கு பங்கு, ஆளுக்கு 50 சென்ட். தமிழ்நாட்டு வழக்கப்படி, நீங்கள் உயிரோடு இருக்கும்போது நடக்கும் இந்தப் பாகத்தில் மனைவிக்குத் தனிப் பங்கு வராது. நீங்கள் உயில் எழுதாமல் போனால் உங்கள் பங்கில் பிள்ளைகளோடு அவரும் சமமான வாரிசு.

பிரிக்காத பூர்வீக நிலத்தைத் தந்தை தான செட்டில்மென்டாக ஒரு பிள்ளைக்கு எழுதினால் அது செல்லாது. "அன்பின் பேரில் கொடுத்தேன்" என்பதை நீதிமன்றம் ஏற்பதில்லை. எனவே முதலில் நான்கு பேரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும். அதன்பின் உங்கள் 50 சென்ட்டை விரும்பியவருக்கு எழுதலாம். மகளே மனமுவந்து "எனக்கு நிலம் வேண்டாம், அண்ணன் தம்பியே வைத்துக்கொள்ளட்டும்" என்றால், பணம் வாங்கியோ வாங்காமலோ விடுதலைப் பத்திரம் பதிந்து தரலாம். வெற்றுத்தாளில் எழுதி வாங்குவது உதவாது.

வீட்டுக்கு வருவோம். சம்பளத்தில் வாங்கியது என்பதால் அது உங்கள் தனிச் சொத்து, சின்னவருக்கே முழுவதும் கொடுக்கலாம், மற்றவர்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் "பூர்வீக நிலத்து வருமானத்தில்தான் வீடு வாங்கினார்" என்று மூத்த மகன் பின்னால் சொல்ல இடமிருக்கிறது. அந்த நிலம் வீடு வாங்கும் அளவுக்கு வருமானம் தந்தது என்று முதலில் அவர்தான் காட்ட வேண்டும். அப்படிக் காட்டிவிட்டால், சொந்தப் பணத்தில்தான் வாங்கினேன் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் பக்கம் வரும். அதனால் சம்பளச் சான்று, வருங்கால வைப்புநிதியில் எடுத்த பணம், வங்கிக் கடன் கட்டிய ரசீது என எது இருந்தாலும் தேடி எடுத்துச் சின்னவரிடம் கொடுத்து வையுங்கள்.

வீட்டை எந்தப் பத்திரத்தில் கொடுப்பது? என் யோசனை உயில்தான். நீங்கள் இருக்கும்வரை வீடு உங்களுடையது, மனம் மாறினால் மாற்றி எழுதலாம், இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். சின்னவர் இப்போதே வேண்டும் என்று கேட்டால் தான செட்டில்மென்ட் எழுதலாம், ஆனால் அதை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. அப்படி எழுதுவதானால், உங்கள் இருவரின் ஆயுள்வரை வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் பிடிமானம்.

நான் சொன்னது இந்து குடும்பத்துக்கான சட்டம். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் பிறப்பால் வரும் பூர்வீக உரிமை என்பதே கிடையாது.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். 1978 பத்திரம், அப்பாவின் கிரயப் பத்திரம், இரண்டு நிலங்களுக்கும் வில்லங்கச் சான்று, அப்பாவின் இறப்பு மற்றும் வாரிசுச் சான்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தம்பியையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அவர் நிலமாகக் கேட்டால் அளந்து மூவரும் பாகப்பிரிவினை பதியுங்கள், பணமாகக் கேட்டால் கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். அது முடிந்த பிறகுதான் உங்கள் பிள்ளைகளுக்கான பத்திரத்தை எழுத உட்கார வேண்டும்.